எந்தப் புரட்சியைப் பாடினார் பாரதி?

பாரதியின் ‘புதிய ருஷியா’ மேடையில் பாடப்படும்போது அதற்குமுன் ஓர் அறிமுகம் வரும். “1917 அக்டோபர் புரட்சியை வரவேற்று நம் கவி பாடினான்” என்பார்கள். கைதட்டல் எழும், “ஆகாவென்று எழுந்தது பார் யுகப்புரட்சி” என்று குரல் உயரும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கேட்டேன், அப்படித்தான் பிறருக்கும் சொன்னேன். ஒருநாள் தலைப்பின் கீழே அடைப்புக்குறிக்குள் இருந்த சின்ன வரியைக் கவனித்தேன். ‘ஜார் சக்கரவர்த்தியின் வீழ்ச்சி’ என்று இருந்தது. அட, ஜாரை வீழ்த்தியது அக்டோபர் புரட்சி இல்லையே!

ரஷ்யாவில் 1917இல் நடந்தவை இரண்டு புரட்சிகள். முதலாவதில் ஜார் நிக்கோலஸ் முடிதுறந்தார், தற்காலிக அரசு ஒன்று அமைந்தது. அதற்கு எட்டு மாதம் கழித்து அந்தத் தற்காலிக அரசைக் கவிழ்த்துவிட்டு லெனினின் போல்ஷெவிக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. முதலாவதைப் பிப்ரவரிப் புரட்சி என்றும் இரண்டாவதை அக்டோபர் புரட்சி என்றும் சொல்வது வழக்கம். இதிலேயே ஒரு சிக்கல் உண்டு. ரஷ்யாவில் அப்போது இருந்தது பழைய நாட்காட்டி, நம்முடையதைவிட 13 நாள் பின்தங்கியது. அதனால் நம் கணக்கில் ஜார் முடிதுறந்தது மார்ச் 15, போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்தது நவம்பர் 7. ‘பிப்ரவரி’ நடந்தது மார்ச்சில், ‘அக்டோபர்’ நடந்தது நவம்பரில். கவிதைக்குக் காலம் தேடுகிறவர்களின் கால் முதலில் இங்கேதான் இடறும்.

சரி, கவிதை எதைப் பாடுகிறது? வெளிச் சான்று எதையும் தேடாமல் கவிதையை மட்டும் வைத்துக்கொண்டு பார்ப்போம். மொத்தம் ஆறு பாடல்கள். முதல் பாடலில் பராசக்தி ரஷ்யா மீது கடைக்கண் வைக்கிறாள், யுகப்புரட்சி எழுகிறது. இரண்டாவதில் ஜாரின் கொடுங்கோல். மூன்றாவதும் நான்காவதும் அந்த ஆட்சியில் மக்கள் பட்ட பாடு: உழுதவனுக்குச் சோறில்லை, உண்மை பேசினால் சிறை, தூக்கு, சைபீரியா. ஐந்தாவதில் ஜார் விழுகிறான், அவனைச் சுற்றிப் பொய் பேசித் திரிந்தவர்கள் புயலில் சாய்ந்த மரங்களாய்ச் சரிகிறார்கள். ஆறாவதில் குடியரசு என்று உலகறியச் சொல்லப்படுகிறது, இனி யாரும் அடிமையில்லை என்கிறார்கள், கலி விழுகிறான்.

இதில் வீழ்பவர்கள் ஜாரும் அவன் பரிவாரமும்தான். தற்காலிக அரசு விழுந்ததாக ஒரு சொல்லும் இல்லை. லெனின் இல்லை, தொழிலாளர் சபைகள் இல்லை, நிலப் பங்கீடு இல்லை, போரை நிறுத்தும் பேச்சு இல்லை. அக்டோபரை அக்டோபராக்கும் எதுவும் கவிதைக்குள் இல்லை. இருப்பதெல்லாம் மார்ச் மாதத்துச் செய்தி. தற்காலிக அரசு பதவியேற்றதும் அறிவித்தவற்றில் முக்கியமானது அரசியல் கைதிகளுக்குப் பொதுமன்னிப்பு. சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் திரும்பத் தொடங்கினார்கள். “உண்மை சொல்வோர்க்கெல்லாம் எழுதரிய பெருங்கொடுமைச் சிறையுண்டு” என்று மூன்றாம் பாடலில் பாடிவிட்டு, “அடிமைக்குத் தளையில்லை” என்று ஆறாம் பாடலில் முடிப்பது இந்தச் செய்தியோடு நன்றாகவே பொருந்துகிறது.

இங்கே ஒரு தடங்கலையும் சொல்லிவிட வேண்டும். “குடியரசென்று உலகறியக் கூறி விட்டார்” என்ற வரி. ரஷ்யாவை முறைப்படி குடியரசு என்று அறிவித்தது செப்டம்பர் 14ஆம் தேதி, தற்காலிக அரசின் தலைவர் கெரென்ஸ்கியின் ஆட்சியில். அப்படியானால் கவிதை செப்டம்பருக்குப் பிறகு எழுதப்பட்டது என்று சொல்லிவிடலாமா? சொல்லலாம், ஆனால் அதில் உறுதி குறைவு. அரசன் இல்லாமல் மக்கள் சார்பில் ஓர் அரசு வந்துவிட்டால், தொலைவில் இருக்கும் ஒரு கவிஞன் அதைக் குடியரசு என்று அழைக்கச் சட்ட அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதே பாடலில் “கடியொன்றில் எழுந்தது பார்” என்கிறார். கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிட்டதாம். ஆறு மாத இழுபறிக்குப் பிறகு வந்த சட்ட அறிவிப்பைக் குறிக்கும் தொனி இது இல்லை. ஒரு கவிதை தன் காலத்தைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது பெரும்பாலும் ஒரு பக்க எல்லையை மட்டும்தான்: இந்த நிகழ்ச்சிக்கு முன்னால் நான் எழுதப்பட்டிருக்க முடியாது என்று சொல்லும். அதைத் தாண்டிப் பிடிவாதம் பிடித்தால் நாம்தான் ஏமாறுவோம்.

அப்படியென்றால் அக்டோபர் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது? யாரும் திட்டமிட்டுத் திரித்ததாக எனக்குத் தோன்றவில்லை. 1917இல் ‘ரஷ்யப் புரட்சி’ என்றால் ஜார் வீழ்ந்தது. இருபது முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே தொடருக்கு லெனின் என்று பொருள். இடையில் வந்த சோவியத் ஆட்சி முந்தைய எட்டு மாதத்தை விழுங்கிவிட்டது. சொல் அப்படியே இருக்க அதன் பொருள் நகர்ந்துவிட்டது, நகர்ந்த பொருளைக் கவிதை மேல் போர்த்திவிட்டோம். கவிதைகளைப் பொருள்வாரியாகத் தொகுத்த பழக்கமும் இதற்குத் துணைபோனது. பாரதி கவிதைத் தொகுப்புகளில் ‘பிற நாடுகள்’ என்ற தலைப்பின் கீழ் மாஜினி, பெல்ஜியம், ருஷியா எல்லாம் வரிசையாக நிற்கும். வரிசை இருக்கும், மாதமும் ஆண்டும் பெரும்பாலும் இருக்காது. தேதியில்லாத இடத்தை வாசகர் தனக்குத் தெரிந்த பெரிய தேதியைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறார்.

அதனால் கவிதைக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். புரட்சி புரட்சிதானே, பிப்ரவரியானால் என்ன, அக்டோபரானால் என்ன?

நட்டம் உண்டு, அது கவிதையின் முதல் சொல்லிலேயே தொடங்குகிறது. “மாகாளி பராசக்தி” என்றுதான் கவிதை ஆரம்பிக்கிறது. இதை அக்டோபர் வாழ்த்து என்று எடுத்துக்கொண்டவருக்கு இந்தத் தொடக்கம் ஒரு சங்கடம். நாத்திகர் நடத்திய புரட்சிக்குக் காளியின் கடைக்கண் எதற்கு? பெரும்பாலும் “அது அந்தக் காலத்து மரபு, அலங்காரம்” என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். அலங்காரம் என்று ஒதுக்கினால் கவிதையில் பாதி போய்விடும். புரட்சியைச் செய்வது யார் என்று வினைச்சொற்களைப் பின்தொடர்ந்து பாருங்கள். கடைக்கண் வைத்தவள் சக்தி. நான்காம் பாடலில் மனம் கனிந்தவளும் அவளே, அடியார்களை நோக்கியவளும் அவளே. அவள் நோக்கிய பிறகுதான் காலன் முடிகிறான், அப்புறம் ஜார் விழுகிறான். குடிமக்கள் வருவது கடைசிப் பாடலில். அங்கேயும் அவர்கள் சொல்கிறார்கள், அதன்படி நீதி எழுகிறது. ஆயுதம் ஏந்திய கூட்டமோ தெருப் போராட்டமோ கவிதையில் எங்கும் கிடையாது.

ஜாருக்கு அவர் சொன்ன உவமை இரணியன். இதை வெறும் ‘கொடியவன்’ என்ற பொருளில் படித்துவிட்டுப் போகிறோம். இரணியன் கதையில் கொடுமைக்கு ஆளாவது யார்? ஒரே ஒரு உண்மையைத் திரும்பத் திரும்பச் சொன்ன பிரகலாதன். நான்காம் பாடலில் வரும் “உண்மைசொலும் அடியார்” என்ற தொடரை இந்த இரணியனுக்குப் பக்கத்தில் வைத்தால் கவிதைக்குள் ஓடும் கதை தெரிகிறது. ரஷ்யச் சிறைகளில் கிடந்தவர்கள் பிரகலாதர்கள். அவர்கள் வென்றதால் புரட்சி வரவில்லை. அவர்கள் பட்ட துன்பத்தைக் கண்டு தெய்வம் இறங்கியதால் வந்தது. இது அக்டோபரின் தர்க்கமே இல்லை.

‘யுகப்புரட்சி’ என்ற சொல்லிலும் இதே வழுக்கல் இருக்கிறது. இன்று நமக்குப் ‘புரட்சி’ என்றால் அமைப்பாகத் திரண்டு ஆட்சியைக் கவிழ்ப்பது, ஒரு வர்க்கம் எழுந்து இன்னொன்றை வீழ்த்துவது. ஆனால் சொல்லின் அடியில் இருப்பது புரள்வது, புரட்டிப்போடுவது. பாரதி அதோடு யுகத்தைச் சேர்க்கிறார், கவிதையின் முடிவில் எந்த யுகம் எந்த யுகமாகப் புரள்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறார்: கலி விழுகிறான், கிருதயுகம் எழ வேண்டும். முதல் பாடலில் போட்ட சொல்லுக்குக் கடைசிப் பாடலில் உரை எழுதி வைத்திருக்கிறார். நாமோ அந்த உரையை விட்டுவிட்டுப் பிற்கால அகராதியைத் தேடிப் போகிறோம்.

பிற்காலத்தில் ‘செல்வம்’ என்ற கட்டுரையில் அவரே லெனினின் வழியைப் பற்றி எழுதியிருக்கிறார். பொதுவுடைமை என்ற இலக்கின் மீது அவருக்கு மனம் இருந்தது, அதைக் கொலை வழியில் நிலைநாட்டுவதில் நம்பிக்கை இருக்கவில்லை. அக்டோபரைப் பற்றிய அவருடைய கணக்கு அங்கேதான் இருக்கிறது. ‘புதிய ருஷியா’வை அக்டோபர் வாழ்த்தாக வாசித்தால் இந்தக் கட்டுரை அவர் பின்வாங்கியதுபோலத் தெரியும். ‘மனம் மாறிவிட்டார், பயந்துவிட்டார்’ என்றெல்லாம் கதை கட்ட வேண்டியிருக்கும். தேதியைச் சரியாக வைத்தால் முரண்பாடே இல்லை. வேறு வேறு நிகழ்ச்சிகள், வேறு வேறு கருத்துகள், அவ்வளவுதான்.

இதுவரை தவறான தேதி செய்த கோளாறு. சரியான தேதியை வைத்துக்கொண்டே கோளாறு செய்யவும் முடியும்.

1917இல் பாரதி எங்கே இருந்தார் என்று பார்ப்போம். 1908இல் ஆங்கில அரசின் கைது நடவடிக்கைகளுக்குத் தப்பிப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரிக்குப் போனவர், ஒன்பது ஆண்டுகளாக அங்கேயே இருக்கிறார். எல்லையைத் தாண்டினால் கைது. அது வெறும் அச்சமில்லை. 1918 நவம்பரில் அவர் புதுச்சேரியை விட்டு வந்தபோது கடலூர் அருகே பிடித்து அடைத்தே விட்டார்கள். அவருடைய நண்பர் வ.உ.சி.க்கு 1908இல் பேசியதற்காகவும் துணை நின்றதற்காகவும் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது, மேல்முறையீட்டில்தான் அது குறைந்தது. 1910இல் வந்த பத்திரிகைச் சட்டத்தின்படி பத்திரிகைகளிடம் பிணைத்தொகை கேட்கலாம், பறிமுதலும் செய்யலாம்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு நான்காம் பாடலின் தொடக்கத்தைப் படியுங்கள்: “இம்மென்றால் சிறைவாசம், ஏனென்றால் வனவாசம்.” வாய் திறந்து ‘ம்’ என்றால் சிறை. ‘ஏன்’ என்று கேட்டால் நாடு கடத்தல். அதைச் சொல்ல அவர் எடுத்த சொல் வனவாசம். இராமனும் பாண்டவரும் போனது. முந்தைய பாடலில் சைபீரியாவை ‘பேய்வனம்’ என்கிறார், அடுத்த பாடலில் அது வனவாசமாகிறது. ஒன்பது ஆண்டுகளாகத் தன் ஊருக்குப் போக முடியாத ஒருவர் எழுதிய சொல் அது என்று தெரிந்த பிறகு, ரஷ்யாவைப் பற்றிய செய்திக் குறிப்பாக இருந்த வரி தொண்டையில் நிற்கிறது. இங்கே காலம் கவிதையை ஆழமாக்குகிறது. அந்தச் சொல்லில் முன்பே இருந்த எடையைத்தான் நாம் இப்போது உணர்கிறோம்.

இந்த இடத்தில் நின்றிருந்தால் நல்லது. ஆனால் நிற்பது கடினம். ‘அப்படியென்றால் ஜார் என்பது வெள்ளைக்காரன், ரஷ்யா என்பது இந்தியா, தணிக்கைக்குப் பயந்து மறைத்து எழுதியிருக்கிறார்’ என்று அடுத்த படிக்குத் தாவிவிடுவோம். வாசிக்கச் சுவையான முடிவுதான், கவிதையைத் திறந்துவிட்ட மாதிரியும் இருக்கும். ஆனால் அந்தத் தேதியையே இன்னும் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் இது அப்படியே நிற்காது. முதல் உலகப் போரில் ரஷ்யா பிரிட்டனின் கூட்டாளி. ஜார் ஆண்ட காலத்தில் அவரைப் பாவி, மூடன் என்று அச்சிட்டால் கூட்டாளியைத் திட்டியதாகும். ஜார் வீழ்ந்ததும் நிலைமை தலைகீழானது. பிரிட்டன் உடனே தற்காலிக அரசை அங்கீகரித்து மாற்றத்தை வரவேற்றது, புதிய ரஷ்யா போரில் தங்களோடு தொடர வேண்டுமே! ஆக, 1917இன் வசந்தத்தில் ஜாரின் வீழ்ச்சியைக் கொண்டாடுவது ஆங்கில அரசே செய்துகொண்டிருந்த காரியம். அதற்கு மறைப்பு எதுவும் தேவைப்படவில்லை.

பாரதி இந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம் என்பது வேறு விஷயம். ஆள்கிறவனே கைதட்டும் ஒரு நிகழ்ச்சியை எடுத்து, ஆளப்படுகிறவனின் காதில் வேறு விதமாக விழும்படி பாடுவது. ‘உண்மை சொல்பவனுக்குச் சிறை’ என்ற வரியைக் கேட்டு ஆங்கில அதிகாரி ரஷ்யாவை நினைப்பான், தமிழ் வாசகன் வ.உ.சி. இழுத்த செக்கை நினைப்பான். இரண்டும் ஒரே வரியில் நடக்கும். ஜார் உண்மையிலேயே ஜார்தான், அதோடு அவன் வேறு ஒருவனையும் நினைவூட்டுகிறான். முழு உருவகம் என்று சொல்லிவிட்டால் ஜார் வெறும் முகமூடியாகிவிடுவான். முகமூடி என்றால் சைபீரியாவைச் சொல்லும் “சிவேரி”யும் அந்த நாட்டு உழவனின் பசியும் கவிதையில் எதற்கு? தன் நாட்டுக்கு வெளியே நடந்ததற்காக மனம் பொங்கக்கூடியவர் பாரதி. 1914இல் ஜெர்மனி பெல்ஜியத்துக்குள் புகுந்தபோது அந்தச் சின்ன நாட்டுக்கு அவர் பாடிய வாழ்த்து இதற்குச் சாட்சி. அந்தப் போரில் பெல்ஜியம் நின்றது பிரிட்டனின் பக்கம் என்பதற்காக அவர் பாடாமல் இருந்துவிடவில்லை.

எது ஆழம், எது வழுக்கல் என்று எப்படிப் பிரித்தறிவது? நான் செய்வது ஒரு சின்ன காரியம். வரலாற்றுச் செய்தியைச் சொன்ன பிறகு கவிதைக்குத் திரும்பி, எந்தச் சொல் மாறியது என்று விரல் வைத்துக் காட்டப் பார்ப்பேன். புதுச்சேரி வாசம் ‘வனவாசம்’ என்ற சொல்லை மாற்றுகிறது. காட்ட முடிகிறது. பொதுமன்னிப்புச் செய்தி ‘தளையில்லை’ என்பதை மாற்றுகிறது. அதுவும் முடிகிறது. அக்டோபர் எந்தச் சொல்லை மாற்றுகிறது? ஒன்றையும் இல்லை. மாறாக ‘பராசக்தி’, ‘இரணியன்’, ‘அடியார்’, ‘கிருதயுகம்’ என்ற நான்கு சொற்களை அலங்காரம் என்று தள்ளிவைக்கச் சொல்கிறது. ஒரு பின்னணி கவிதையின் சொற்களைக் குறைக்கத் தொடங்கினால் எனக்கு அதன் மேல் சந்தேகம் வந்துவிடும்.

அக்டோபர் வாசிப்பில் ஒரு நியாயமும் இல்லை என்று சொல்லமாட்டேன். “உழுதுவிதைத் தறுப்பாருக்கு உணவில்லை” என்ற வரி இருக்கும்வரை இடதுசாரிகள் இந்தக் கவிதையைத் தம்முடையது என்று சொல்லிக்கொள்வார்கள், சொல்லிக்கொள்ளட்டும். ஒரு கவிதை பிற்காலத்தில் யார் யாருக்குப் பயன்பட்டது என்பதும் அதன் வரலாறுதான். எழுதப்பட்ட காலமும் பயன்பட்ட காலமும் வேறு வேறு என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

இந்த வேறுபாடு இன்னும் பளிச்சென்று தெரிவது பாரதியின் இன்னொரு பாட்டில், “ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே, ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோ மென்று”. 1947இல் ஊரெல்லாம் ஒலித்த பாட்டு. அந்த ஆண்டுக்கே எழுதியதுபோல இருக்கிறது. பாரதி இறந்ததோ 1921இல். அதை அறிந்ததும் ‘தீர்க்கதரிசி’ என்று வியக்கிறோம். வியப்பு சரி, ஆனால் 1947இன் வெளிச்சம் பாட்டின் அடுத்த வரியை மங்கலாக்கிவிடுகிறது. “பார்ப்பானை ஐயரென்ற காலமும் போச்சே, வெள்ளைப் பரங்கியைத் துரையென்ற காலமும் போச்சே.” இரண்டு காலம் போயிருக்க வேண்டும் என்கிறார், அதிலும் வெள்ளையன் இரண்டாவதாகத்தான் வருகிறான். வடிவமும் பள்ளு, அதாவது வயலில் உழைப்பவர்களின் பாட்டு. 1947 ஆகஸ்டில் நடந்தது அந்த இரண்டில் ஒன்றுதான். தீர்க்கதரிசனம் பலித்துவிட்டது என்று முத்திரை குத்தினால் பாட்டின் முதல் பாதியை முடிந்த கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இரண்டு பாட்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு விந்தை தெரியும். சுதந்திரம் வராத காலத்தில் எழுதிய பள்ளில் “அடைந்துவிட்டோம்” என்று இறந்தகாலம். ஜார் உண்மையாகவே வீழ்ந்த பிறகு எழுதிய கவிதையில் வீழ்ந்தவனுக்கெல்லாம் இறந்தகாலம்தான்: காலன் முடிந்தான், ஜார் வீழ்ந்துவிட்டான், கலி விழுந்தான். வரவேண்டிய யுகத்துக்கு மட்டும் அவர் இறந்தகாலம் கொடுக்கவில்லை. “கிருதயுகம் எழுக மாதோ” என்கிறார். எழுந்தது என்று சொல்லவில்லை, எழட்டும் என்கிறார்.